பொருள்: எம்விஆர்வி வரைபடப் பிழை, நான்காவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே புகாரை நான்காவது முறையாக எழுதுகிறேன். முந்தைய மூன்று டிக்கெட்டுகளையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள். எதைத் தீர்த்தீர்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

உங்கள் பிட்காயின் வரைபடத்தில் ஒரே நாளில், நாணயங்கள் கடைசியாக நகர்ந்த விலைகளின் சராசரியான ரியலைஸ்டு பிரைஸ் செங்குத்தாக ஏறியது, சந்தை விலையை அதனால் வகுத்தால் வரும் எம்விஆர்வி சரிந்தது. அன்று சந்தை விலை அசையவே இல்லை. இதற்கு உங்கள் சாட் பிரதிநிதி தந்த பதில்: "மார்க்கெட் இறங்கினா ரேஷியோவும் இறங்கும் சார். பேசிக்ஸ் படிச்சுட்டு வாங்க."

பேசிக்ஸையே பேசுவோம். ரியலைஸ்டு கேப் என்பது ஒவ்வொரு நாணயமும் கடைசியாகப் பிளாக்செயினில் நகர்ந்தபோது இருந்த விலையின் கூட்டல். பத்து நாணயங்களில் நான்கு 10,000 டாலரிலும் ஆறு 30,000 டாலரிலும் நகர்ந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,20,000, ரியலைஸ்டு பிரைஸ் 22,000. சந்தை விலை 33,000 என்றால் எம்விஆர்வி 1.5, அதாவது வைத்திருப்பவர்கள் சராசரியாக 50 சதவீத லாபத்தில் இருக்கிறார்கள். இப்போது ஓர் எக்ஸ்சேஞ்ச் அந்தப் பழைய நான்கைத் தன் ஒரு வாலட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறது. ஒரு நாணயம்கூட விற்கப்படவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் நான்கும் 33,000-க்குப் புதிதாக வாங்கியவை ஆகிவிடும். மொத்தம் 3,12,000, ரியலைஸ்டு பிரைஸ் 31,200, எம்விஆர்வி 1.06. லாபம் காகிதத்தில் காணாமல் போனது.

எம்விஆர்வி சரிந்த அதே தேதியில் உங்கள் தளத்திலேயே எக்ஸ்சேஞ்ச் கையிருப்பைப் பாருங்கள்: மாற்றமில்லை. ஆனால் நகர்ந்த நாணயங்கள் அதுவரை எத்தனை நாள் அசையாமல் கிடந்தன என்று கூட்டிக் காட்டும் அழிந்த நாணய-நாட்களின் கோடு மட்டும் எகிறி நிற்கிறது. பழைய நாணயம் நகர்ந்திருக்கிறது, எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியேறவில்லை. இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பார்க்கும் யாருக்கும் இது தெரியும். "பேசிக்ஸ்" சொன்னவருக்குத் தெரியவில்லை!

ஒன்று சொல்லிவிடுகிறேன்: தொலைந்துபோன நாணயங்கள் சொற்ப விலையிலேயே உறைந்திருப்பதால் ரியலைஸ்டு பிரைஸ் உண்மையான அடக்கவிலையைவிடத் தாழ்வாகவே இருக்கும். அது அளவுகோலின் குணம், அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. வாலட் மாற்றத்தை விற்பனையாகக் கணக்கிடுவது உங்கள் பிழை.

எம்விஆர்வி 1-ஐத் தொட்டால் வரும்படி அமைத்திருந்த எச்சரிக்கைகள் அத்தனையும் பயனற்றுப் போயின. மூன்று மாத உழைப்பு பாழ், பாழ். ஆனாலும் பொறுமையாகக் கேட்கிறேன்: ஒரே உரிமையாளரின் முகவரிகளை ஒன்றாகச் சேர்த்து, உள் பரிமாற்றங்களை நீக்கிய எம்விஆர்வி தரவுத் தொடரை, பழைய தேதிகளுக்கும் சேர்த்து வெளியிடுங்கள். சந்தாத் தொகையைத் திருப்பித் தாருங்கள். அந்தப் பிரதிநிதி எழுத்தில் மன்னிப்புக் கேட்கட்டும்.

ஏழு நாட்களில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். சாட் பதிவும் வரைபடப் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்