கனவே இல்லாத உறக்கம் என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில் கனவுகளைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை வாசித்தேன். அதில் ஒரு வரி இன்னமும் மனதை அறுக்கிறது. 'நாள் முழுதும் கொழுந்து பறித்த களைப்பில் மலையகப் பெண்கள் கனவே இல்லாத நிம்மதியான உறக்கத்தில் ஆழ்ந்துவிடுகிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் வழக்கம்போல, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். அவரிடம் நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒருவராவது கேட்டிருப்பார்களா?

நான் டிக்கோயாவில் ஒரு தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அரசாங்க வைத்தியசாலை வார்டுகளில் இரவு வேலை பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்ற தாதி. மற்றவர்கள் தூங்குவதைப் பார்ப்பதுதான் என் தொழிலின் பாதி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கனவு வராதவர் என்று அநேகமாக யாரும் இல்லை, ஐயா. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பத்தில் எட்டுத் தடவை கனவைச் சொல்கிறார்கள் என்று 1957இல் டிமென்டும் கிளைட்மனும் காட்டினார்கள். மற்ற நேரத்திலும் கனவு உண்டு. ஆனால் நீளமான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் இந்தக் கண் ஓடும் கட்டத்தில்தான் வரும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இது திரும்பி வருகிறது. முதல் தடவை பத்து நிமிடம் அளவில் முடிந்துவிடும். விடியலை நெருங்க நெருங்க நீண்டு, கடைசியில் அரை மணியையும் தாண்டும்.

இனி என் அம்மாவின் இரவைப் பாருங்கள். பத்து மணிக்குப் படுப்பார். நாலு மணிக்கு எழுந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, தம்பியைப் பிள்ளை மடுவத்துக்கு ஆயத்தப்படுத்திவிட்டு, காலையில் வேலைக்குப் பெயர் எடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். ஆறு மணி நேரத் தூக்கத்தில் நான்கு சுற்று முடியும். ஐந்தாவது சுற்று நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை. கனவு நிறைந்த அந்தக் கடைசிப் பகுதிதான் தோட்டத்துப் பெண்களிடமிருந்து ஒவ்வொரு நாளும் பறிபோகிறது. அதற்கு முந்திய சுற்றுகளில் கண்டதும் அவர்களிடம் தங்குவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

கண் ஓடும் தூக்கத்தில் மூளையில் நோராட்ரினலின் என்ற இரசாயனம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒரு விஷயம் நிலையான நினைவாகப் பதிய அது உதவுகிறது. அதனால் கனவு, காணும்போது எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், தானாகப் பதிவதில்லை. விழித்தபின் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே கிடந்து அதை நினைத்துப் பார்த்தால்தான் மிஞ்சும். விழித்த கையோடு வேறு வேலையில் புத்தி போனால் கனவு போய்விடும். 1973இல் கோஹன், வூல்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகத் தொலைபேசியில் வானிலை அறிவிப்பைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும்படி ஒரு பகுதியினருக்குச் சொன்னார்கள். அந்தச் சின்ன வேலை கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கனவை நினைவு வைத்திருந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்கே அந்த நிலை என்றால், கண் திறக்கும்போதே அடுப்பையும் தண்ணீரையும் பிள்ளையையும் பெரட்டையும் நினைத்து எழும்பும் பெண்ணுக்கு எந்தக் கனவு நினைவில் நிற்கும்? அதைப் போய் நிம்மதி என்று எழுதலாமா?

உங்கள் கட்டுரை இன்னொரு பக்கமும் சாய்கிறது. கனவு நினைவிருந்தால் தூக்கம் கெட்டுவிட்டது என்கிறது. அதுவும் சரியில்லை. பிரான்சின் லியோன் நகரில் செய்த ஆய்வில், அடிக்கடி கனவு நினைவிருப்பவர்கள் இரவில் மொத்தமாக அரை மணி நேரம் அளவில் விழித்திருந்தார்கள். நினைவில்லாதவர்கள் அதில் பாதி. இந்த விழிப்புகள் சின்னச் சின்னவை. புரண்டு படுத்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடுவார்கள். கனவைப் பிடித்து வைக்க அந்த இடைவெளி போதும். அதை நோய் என்று சொல்ல முடியாது. ஆகவே கனவு நினைவிருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்துத் தூக்கம் நல்லதா கெட்டதா என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அசருகிறதா, எழும்போது உடம்பு தெளிவாக இருக்கிறதா, குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறுகிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

கனவில் திடீரென்று வரும் மாற்றம் வேறு விஷயம். அதைக் கவனிக்கத்தான் வேண்டும். நெடுநாள் சாராயமோ கசிப்போ குடித்தவர்கள் வார்டுக்கு வந்து குடி நின்றதும், பயங்கரக் கனவு வருகிறது மிஸ் என்று நடுங்குவார்கள். மது கண் ஓடும் தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. அதை நிறுத்தியதும் அந்தத் தூக்கம் பொங்கிக்கொண்டு திரும்பும். இன்னொரு முதியவர், தூக்கத்தில் 'பாம்பு, பாம்பு' என்று கத்தி கட்டில் கம்பியை உதைப்பார். காலையில் கேட்டால், எனக்குக் கனவே வராதே மிஸ் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித் தூக்கத்தில் கை கால் வீசுபவர்களிலும் கனவே வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் கனவை நடித்துக் காட்டுகிறார்கள் என்று 2015இல் பாரிஸ் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சாதாரணமாகக் கனவு நேரத்தில் உடம்பு அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கும். வயதானவர்களில் அந்தக் கட்டுப்பாடு விட்டுப்போனால் அது பின்னாளில் பார்கின்சன் நோய்க்கு முன்னறிகுறியாகலாம். நரம்பியல் வைத்தியரிடம் காட்ட வேண்டிய விஷயம். உங்கள் முழுப்பக்கத்தில் இதற்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. கனவில் பல் விழுந்தால் என்ன பலன் என்று வாராவாரம் போட மட்டும் இடம் இருக்கிறது. தூக்க மாத்திரை பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டதையும் மறக்கவில்லை. வெட்டிய பாதியில்தான் எச்சரிக்கை இருந்தது.

இப்போது அந்தப் பெட்டிச் செய்திக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுதான். 'கனவை நீங்களே இயக்கலாம்' என்ற தலைப்பில், நாலைந்து மணி நேரம் தூங்கியதும் அலாரம் வைத்து எழுந்து, அடுத்த கனவில் இது கனவு என்று உணர்வேன் என்று சொல்லிக்கொண்டு திரும்பப் படுக்க வேண்டும், தினமும் செய்தால் ஒரே வாரத்தில் எவருக்கும் கைவரும், எந்தத் தீங்கும் இல்லை என்று போட்டிருந்தீர்கள்.

இது கனவு என்று தெரிந்தே காணும் தெளிகனவு என்பது கட்டுக்கதை இல்லை. 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹேர்ன் என்பவர், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கனவுக்குள்ளிருந்தே கண்ணை இடமும் வலமும் அசைத்து முன்பே பேசிவைத்த சைகை காட்டுவதைக் கருவியில் பதிவு செய்தார். கனவுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. எப்படியும் விழித்துவிடுவோம். ஆனால் ஒரே வாரத்தில் எவருக்கும் என்பது பொய். இதே முறைகளைச் சேர்த்து அவுஸ்திரேலியாவில் ஒரு வாரம் செய்து பார்த்த ஆய்வில், சுமார் ஆறு இரவுக்கு ஓரிரவுதான் பலித்தது. மற்ற இரவுகளில் தூக்கம் உடைந்ததுதான் மிச்சம்.

என் தம்பி மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். படித்துவிட்டுப் பதினொரு மணிக்குப் படுத்து, பஸ் பிடிக்க ஐந்துக்கு எழுபவள். உங்கள் பெட்டிச் செய்தியைப் பார்த்து மூன்று மணிக்கு அலாரம் வைக்கத் தொடங்கினாள். எழுந்து அரை மணி நேரம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றரை. மிச்சம் ஒன்றரை மணி நேரம். அதாவது, உள்ள ஆறு மணி நேரத்தையும் நடுவில் உடைத்தாள். சில நாட்களில் ஒரு விடியற்காலை, கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் பேய் அமுக்குகிறது என்று சொல்லி, வேப்பிலை கட்டி, கோயிலில் நூல் கட்டிவிட்டார்கள்.

'அத்தை, எனக்குப் பைத்தியமா?' என்று கேட்டாள்.

புத்தி விழித்துவிட்டது, கனவு நேரத்துத் தசைத் தளர்ச்சி மட்டும் இன்னும் விலகவில்லை, அவ்வளவுதான் என்று விளக்கினேன். சில விநாடியிலிருந்து ஒரு சில நிமிடத்துக்குள் தானே விலகும். மூச்சு விடும் உதரவிதானம் அந்த நேரமும் வேலை செய்யும், மூச்சு நிற்காது. திமிறாமல் ஒரு விரல் நுனியை அசைக்கப் பார்த்தால் போதும். தூக்கத்தை நடுவில் உடைத்து நேரே கனவுக் கட்டத்துக்குள் விழும்போது இது வருவது சகஜம். அலாரத்தை நிறுத்தி, கொஞ்சம் முந்திப் படுக்கச் சொன்னேன். அதன் பிறகு வரவில்லை.

அவளுக்கு அத்தை தாதி. உங்கள் வாசகர் எல்லோருக்குமா? மனப்பிரமை, கடும் மன எழுச்சி போன்ற நோய் வந்தவர்களுக்கு இப்படித் தூக்கத்தை உடைப்பதே ஆபத்து. தூக்கம் குறைந்தாலே மன எழுச்சி மீண்டும் கிளம்பக் கூடும். கனவுக்கும் நனவுக்கும் ஏற்கனவே கோடு மங்கியவர்களை அந்தக் கோட்டோடு விளையாடச் சொல்லக் கூடாது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது தப்பியவர்களைப் போல், கெட்ட கனவில் அதே நாளைத் திரும்பத் திரும்பக் காண்பவர்கள் நம் மலைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கனவை நீங்களே இயக்குங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. பகலில் வைத்தியரின் துணையோடு அந்தக் கனவின் முடிவை மாற்றி எழுதி, மனதில் ஒத்திகை பார்க்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அதற்குத்தான் கூடுதல் ஆதாரம் இருக்கிறது.

ஆசிரியர் ஐயா, இவ்வளவு எழுதிவிட்டேன், கேட்பது கொஞ்சம்தான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'எந்தத் தீங்கும் இல்லை' என்ற வரியைத் திருத்துங்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்களும், பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளும், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அலாரம் வைத்துச் செய்யும் முறையைச் செய்யக் கூடாது என்று போடுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களின் தூக்கத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தையும் நீக்கிவிட்டதாக அறிவியுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் போடுவதானால், தயவுசெய்து என்னைப் பற்றிய பகுதியை வெட்டுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
டிக்கோயா