மைக் செட் அண்ணனுக்கு நன்றி

காரைக்குடிப் பக்கம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக்கோயிலுக்குப் புதிதாக வந்த சாமியாருக்கு வரவேற்புரை சொல்ல நான்கு பக்கம் எழுதியிருந்தேன், முழுக்கப் பாராட்டு. மறைவட்ட அதிபர் ஆயரின் நியமனக் கடிதத்தை வாசித்து, கோயில் சாவியைக் கொடுத்ததும் என் முறை. கை நடுங்கித் தாளெல்லாம் கீழே விழுந்துவிட்டது. மைக் உயரத்தைச் சரிசெய்ய வந்த அண்ணே, நீங்கள்தான் பொறுக்கிக் கொடுத்து, "சாமிக்கு ஊரு புதுசு தம்பி, மாச முதல் வெள்ளிக்கு யார் யாருக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோகணும்னு சொல்லுங்க, அது போதும்" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

சரி என்று தாளை மடித்துவிட்டு, மூன்று கிளைக்கிராமங்களையும், கோயிலுக்கு நடந்து வர முடியாத ஐந்து பெரியவர்கள் இருக்கும் தெருக்களையும் மட்டும் சொன்னேன். சாமி சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அப்புறம் உங்களைத் தேடினால் வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள், பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணே.