மாணவர் விடுதி: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

பெகு, மோல்மீன் பக்கங்களிலிருந்து யாங்கோனுக்குப் படிக்க வந்த பதினாறு பேர் இவ்வாண்டு நமது விடுதியில் தங்கினர். கூரை பழுதுபார்க்கப்பட்டது, தண்ணீர்த் தொட்டி புதிது. செயற்குழுவின் நேரத்தையெல்லாம் விழுங்கியது மெஸ் கணக்குதான்.

செப்டம்பரில் நால்வருக்குத் தேர்வு முன்னதாக முடிந்து, பத்து நாள் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினர். மற்றப் பன்னிருவரும் முப்பது நாளும் இருந்தனர். மாதச் செலவு 29,60,000 கியாட். தலைக்குச் சமமாகப் பிரித்தால் 1,85,000, போனவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நாள் கணக்கில் பிரித்தால் ஒரு நாளைக்கு 7,400. அப்போது இருந்தவர்கள் முறைத்தனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. நால்வர் போனதால் அரிசி குறைந்ததே தவிர, சமையற்காரரின் சம்பளம் குறையவில்லை.

எனவே செலவை இரண்டாகப் பிரித்தோம். சம்பளம், எரிவாயு, பாத்திர வாடகை ஆகியவை 9,60,000. இதைப் பதினாறு பேரும் சமமாக, தலைக்கு 60,000 ஏற்றனர். மளிகை, காய்கறி, மீன் செலவைச் சாப்பிட்ட நாளுக்கு ஏற்பப் பங்கிட்டோம். இங்கேதான் முன்பெல்லாம் தவறியிருக்கிறோம். வாங்கியது 21,40,000 என்றாலும் தின்றது அவ்வளவு இல்லை. மாதத் தொடக்கத்தில் இருந்த 1,00,000 மதிப்புள்ள சரக்கைக் கூட்டி, கடைசி நாளில் எடைபோட்ட அரிசி, எண்ணெய், பருப்பின் 2,40,000-ஐக் கழித்தால் 20,00,000. மொத்தச் சாப்பாட்டு நாள் 400. ஆகவே நாளொன்றுக்கு 5,000. சரக்கைப் பாராமல் பிரித்திருந்தால் 5,350 ஆகி, போனவர் ஒவ்வொருவரும் தாம் உண்ணாத அரிசிக்கு 3,500 கொடுத்திருப்பார்.

முடிவில் இருந்தவருக்கு 2,10,000, போனவருக்கு 1,10,000. எல்லோரிடமும் வாங்கிய முன்பணம் 2,00,000. போனவருக்கு 90,000 திரும்பியது. இருந்தவர் 10,000 கூடுதலாகக் கட்டினார். மூன்று நாள் முன்னரே எழுதிக் கொடுக்காமல் கிளம்புவோருக்கு அந்த மூன்று நாளும் சாப்பிட்ட நாளாகவே கணக்கில் ஏறும். சந்தைக்குச் சீட்டு அதற்குமுன்பே போய்விடுகிறது.

அடுத்த ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு: மெஸ் 2,10,000, அறை 50,000 என்று பத்து மாதத்துக்கு 26,00,000, மெத்தை, கொசுவலை, வாளி ஒருமுறைச் செலவாக 1,00,000. காப்புத்தொகை 1,00,000 திரும்பக் கிடைப்பது, செலவில் சேராது; ஆனால் முதல் நாளே கையில் வேண்டும். ஜனவரியில் கேட்ட அரிசி விலையை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். நவம்பர், டிசம்பர் அறுவடை வந்த கையோடு அரிசி மலிவாக இருக்கும். அடுத்த அறுவடைக்கு முந்தைய மழைமாதங்களில் ஏறும். செப்டம்பர்க் கணக்கை வைத்து மதிப்பிட்டால் பாதகமில்லை.

நால்வரில் மூவர் பணத்தைப் பெற்றுக்கொண்டனர். நான்காமவரின் 90,000 பொருளாளரிடம் இருக்கிறது. மோல்மீன் செல்பவர் யாரேனும் இருந்தால் கொடுத்தனுப்பலாம். ரசீதில் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்