எல்லை தாண்டி வரும் புகார்கள்: அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

குடும்ப வழக்குகளில் புகார்தாரர்களோடு உங்கள் நிலையங்களுக்கு வந்துபோகும் வழக்கறிஞர் நான். ‘சம்பவம் எங்கே நடந்தது? அங்கேயே போய்க் கொடுங்க’ என்ற பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் அதைப் பற்றிய தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று நாம் சொல்வது இதைத்தான். வழக்கமான வரிசை எண்ணுக்குப் பதில் பூஜ்ஜியம் போட்டுப் பதிவு செய்து, எல்லைக்குரிய நிலையத்துக்கு அனுப்புகிறீர்கள். அங்கே அதற்கு முறையான குற்ற எண் விழுகிறது. 2013 மே மாதமே உள்துறை அமைச்சகம் இதை மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. இப்போது சட்டத்திலேயே வந்துவிட்டது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பெங்களூருவில் கணவன் வீட்டில் வரதட்சணை கேட்டு அடித்துத் துரத்தப்பட்ட பெண், மதுரையில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்கிறாள். மறுநாள் மகளிர் நிலையத்துக்கு வருகிறாள். அவளை பெங்களூரு போகச் சொல்வது தவறு என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அடுத்து நடப்பதுதான் சிக்கல். ஒரு மனு வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். ரசீதும் எஃப்.ஐ.ஆரும் ஒன்றல்ல. ரசீதை வைத்துக்கொண்டு பெங்களூரு போலீஸ் எதையும் தொடங்க முடியாது.

கணவன் வீட்டுக் கொடுமைக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. அதனால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த அதே 173ஆம் பிரிவு உங்களுக்கு இடம் கொடுக்கிறது. சரி, நடத்துங்கள். ஆனால் அது மேற்கொண்டு விசாரிக்க முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். எல்லைத் தகராறுக்கு அதைப் பயன்படுத்த முடியாது.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இந்தப் பெண்ணின் புகாருக்குப் பூஜ்ஜியமே தேவையில்லை. ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது: துரத்தப்பட்ட மனைவி தஞ்சம் புகுந்த ஊரிலும் கொடுமை வழக்கைத் தொடரலாம், ஏனென்றால் அந்தக் கொடுமையின் மன பாதிப்பு அவளோடு அங்கேயும் வருகிறது. அப்படியானால் மதுரை நிலையமே முறையான எண் போட்டு விசாரிக்கலாம். ‘ஜீரோ போட்டு அனுப்பிட்டோம்’ என்று கையைக் கழுவினால், அவள் வாக்குமூலத்துக்கும் வாய்தாவுக்கும் அடி வாங்கிய ஊருக்கே அலைய வேண்டியிருக்கும். சட்டம் கொடுத்த வசதி அவளுக்கே சுமையாகிவிடுகிறது.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய வழக்குகளும் உண்டு. வேறு ஊரில் நடந்த பாலியல் வன்கொடுமை அப்படி ஒன்று. அங்கே காரியம் கெடுவது தாமதத்தால். மணிப்பூரை நினைத்துப் பாருங்கள். 2023 மே 4 அன்று பெண்களை நிர்வாணமாக்கி ஊர்வலமாக இழுத்துச் சென்ற கொடுமைக்கு மே 18 அன்று சைகுல் காவல் நிலையத்தில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிவானது. எல்லைக்குரிய நோங்போக் செக்மாய் நிலையத்தில் அது வழக்கானது ஜூன் 21 அன்றுதான். காணொளி பரவிய பிறகு, ஜூலை 20 அன்றுதான் முதல் கைது. இந்தத் தாமதத்தை உச்ச நீதிமன்றமே கேள்வி கேட்டது. பதிவு செய்ய ஆள் இருந்தும், தாள் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் கிடந்தது.

அதனால், அனுப்புவதற்கு முன்பே செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். பாலியல் வன்கொடுமை என்றால் தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பூஜ்ஜிய எண் என்பதற்காக அந்தக் கெடு நீளாது. உடுத்தியிருந்த துணியை அன்றே கைப்பற்றுங்கள். சம்பவ இடத்து சி.சி.டி.வி. பதிவு அழிவதற்குள் எடுத்துவைக்கச் சொல்லி அங்குள்ள நிலையத்துக்கு உடனே போனில் சொல்லுங்கள், தபால் பிறகு போகட்டும். வேறு மாநிலத்துக்குப் போகும் புகார் என்றால் தமிழ் வாக்குமூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் வையுங்கள். அங்குள்ள ஆய்வாளர் தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருப்பார் என்று நம்பி அனுப்ப முடியாது.

புகார்தாரருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதோடு எந்த நிலையத்துக்கு, என்று, யார் மூலம் அனுப்பினீர்கள் என்றும் எழுதிக் கொடுங்கள். அங்கே புதிய எண் விழுந்ததும் அதைக் கேட்டு வாங்கி அவருக்குச் சொல்லுங்கள். இது சட்டத்தில் இல்லைதான், ஆனால் ஒரு போன் செய்தால் முடிகிற வேலை. அந்த எண் தெரியாத பெண் மாதக்கணக்கில் உங்கள் நிலைய வாசலுக்கே திரும்பத் திரும்ப வருவார், உங்களிடமும் பதில் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்