குறி பெரிதாக்கும் ஊசி எண்ணெய் விற்பனையை நிறுத்துங்கள்: ஒரு திறந்த மடல்

இணைய விற்பனைத் தளங்களை நடத்துவோருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

புகாருக்குப் பின் நீக்கப்படும் ஊசி எண்ணெய், வேறு பெயரில் அதே படத்தோடு மீண்டும் அழகுசாதனப் பிரிவில் வந்து உட்காருகிறது. ஒரு குப்பி, சில ஊசிகள், 'வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்' என்ற குறிப்பு. உள்ளே என்ன எண்ணெய் என்று எழுதியிருப்பதில்லை. தோலுக்கடியில் செலுத்தும் எதையும் பொதுச் சந்தையில் விற்க விடாதீர்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

உள்ளே இருப்பது பாரஃபினோ திரவ சிலிக்கானோ என்றால், போட்ட அன்றே குறி தடிக்கும். மகிழ்ச்சியான மதிப்புரைகள் அந்த முதல் வாரத்தில் எழுதப்படுபவை. இந்த எண்ணெய்களை உடலால் கரைக்க முடியாது. அவற்றைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கெட்டியான கட்டிகளாகிவிடும். எண்ணெய் விதைப்பைக்கும் அடிவயிற்றுக்கும் நகரும். முன்தோல் பின்னால் வராது, விறைப்பில் வலிக்கும், ரத்த ஓட்டம் குறைந்த தோல் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். ஊசி ரத்தக்குழாயில் இறங்கினால் எண்ணெய் நுரையீரலை அடைத்து உயிரையே எடுக்கலாம்.

பிறகு அதை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது, திசுவோடு திசுவாக ஊறிக் கிடக்கும். கட்டி பரவியிருந்தால் குறியின் தண்டைச் சுற்றியுள்ள தோலையும் சேர்த்து வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். சிலருக்குத் தோலுரிந்த தண்டை விதைப்பைத் தோலுக்குள் புதைத்துத் தைத்துவிட்டு, சில மாதம் கழித்து இரண்டாவது அறுவையில் பிரித்தெடுக்கிறார்கள். தோலுக்கடியில் ஊசியால் நிரப்பும் ஹைலூரானிக் அமில ஃபில்லராக இருந்தால், அதைக் கரைக்க ஹைலூரானிடேஸ் என்ற நொதியாவது உண்டு. ஆனால் குப்பியில் இருப்பது அந்த ஃபில்லர்தான் என்று யார் சோதித்தார்கள்?

களிம்புகளையும் பார்க்கிறோம். குறியை நீளமாக்கும் களிம்பு என்று ஒன்று கிடையாது. எரிச்சலும் தடிப்பும்தான் மிச்சம். இழுவைக் கருவியை வளைந்த குறிக்கான சிகிச்சையில் மருத்துவர்கள் பயன்படுத்துவதுண்டு. தினமும் பல மணி நேரம், மாதக்கணக்கில் மாட்டினாலும் ஓரிரு சென்டிமீட்டர் கூடினால் அதிகம். இறுக்கிக் கட்டினால் தோல் மரத்துப் புண்ணாகும். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், விறைத்த குறியின் சராசரி நீளம் சுமார் 13 செ.மீ. விளம்பரங்கள் அந்த எண்ணைச் சொல்வதே இல்லை. குறையே இல்லாதவரிடம் குறை இருப்பதாகச் சொல்லிக் காசு பறிப்பதற்கு உங்கள் தளம்தான் கடைத்தெருவாக இருக்கிறது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். தோலுக்கடியில் செலுத்தும் பொருள்களை நீக்குங்கள். வேறு பெயரில் திரும்பி வராமல் விற்பவரின் கணக்கையே முடக்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அவர்களுக்குத் தயவுசெய்து ஒரு செய்தி அனுப்புங்கள்: இனி ஊசி போடாதீர்கள், கட்டியைப் பிதுக்காதீர்கள், குப்பியை எறியாமல் எடுத்துக்கொண்டு சிறுநீரகவியல் மருத்துவரிடம் போங்கள், மூச்சு திணறினால் உடனே அவசரப் பிரிவுக்கு.