அந்த மைதானம் எத்தனை சென்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் மைதானத்தில் சென்ற வாரம் நடந்த பொதுக்கூட்டத்தில் '2 லட்சம் பேர் திரண்டனர்' என்று தங்கள் இதழில் படித்தேன். முப்பது ஆண்டுகள் நில அளவராக இருந்தவன் நான். அந்த மைதானத்தையும் சங்கிலி போட்டு அளந்திருக்கிறேன். 2 லட்சம் பேருக்கு அங்கே இடமில்லை.

டிக்கெட் இல்லாத கூட்டத்தை எண்ண ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இதழியல் பேராசிரியர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில் கண்ட வழி அது. அவருடைய அலுவலகச் சன்னலுக்குக் கீழே மாணவர்கள் போராட்டத்துக்குக் கூடும் திடல் இருந்தது. அதன் தரை கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது. சில கட்டங்களில் நிற்பவர்களை எண்ணி, மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். தளர்வான கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரை சதுர அடி என்ற அளவு அவர் வகுத்ததுதான். மேடையோரத்தில் முண்டியடிக்கும்போது இது இரண்டரை சதுர அடி வரை சுருங்கும்.

நம் வழக்கப்படி சென்ட்டில் சொன்னால் மனதில் நிற்கும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. தளர்வாக நின்றால் சென்ட்டுக்கு 43 பேர், நெருக்கி நின்றால் ஏறக்குறைய 100 பேர்.

இதை நான் ஏட்டில் மட்டும் நம்பவில்லை. வீட்டில் ஒரு விசேஷத்துக்கு உறவினர்கள் கூடியபோது, மொட்டை மாடியில் பத்துக்குப் பத்து அடியில் சுண்ணக்கட்டியால் சதுரம் போட்டு அவர்களை உள்ளே நிற்க வைத்தேன். பத்துப் பேர் வரை தாராளமாகப் பேசிக்கொண்டு நின்றார்கள். 22 பேரானதும் தோளோடு தோள் உரசியது. முப்பதாவது ஆள் நுழைந்தபோது, நடுவில் நின்ற என் மைத்துனரால் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுக்க முடியவில்லை. அப்போதும் ஒருவருக்கு மூன்று சதுர அடிக்குமேல் இருந்தது.

இனி நம் மைதானம். புலப்படத்தின்படி 7 ஏக்கர். மேடை, அதன் பின்புறம், வாகன நிறுத்தம், தடுப்புக் கட்டிய நடுவழி, கடைகள் எல்லாம் போக மக்களுக்குக் கிடைத்தது 5 ஏக்கர், அதாவது 500 சென்ட். அன்று இரவு ஏழரை மணிக்கு, கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, எதிரிலுள்ள மூன்று மாடிக் கட்டடத்தின் மேலிருந்து பார்த்தேன். விளக்குக் கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம் எனக்குத் தெரியும். அதை வைத்துச் சில இடங்களில் தலைகளை எண்ணினேன்.

மேடைக்கு முன் 50 சென்ட்டில் நெருக்கம்: 5,000 பேர். நாற்காலி போட்ட 200 சென்ட்டில், நடைபாதையையும் சேர்த்து ஒரு நாற்காலிக்கு 8 சதுர அடி: சுமார் 10,900. அதன் பின்னே 150 சென்ட்டில் சென்ட்டுக்கு 40 பேர்: 6,000. கடைசி 100 சென்ட்டில், மரத்தடிகளில் அங்கொருவர் இங்கொருவராக 1,500. வெளியே சாலையில் நின்றவர்கள் 3,600. கூட்டினால் சுமார் 27,000.

2 லட்சம் என்றால், சாலையைச் சேர்த்தாலும் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றேகால் சதுர அடிதான். ஓர் அடிக்கு ஓர் அடி தரை ஓடு ஒன்றின்மேல் ஏறி நின்று பாருங்கள். அதைவிடச் சற்றே பெரிய இடம் அது. பெரியவர் ஒருவரின் தோள் அகலமே ஒன்றரை அடி இருக்கும்.

என் கணக்கும் தோராயமே. தாழ்வாகப் பிடித்த படத்தில் முன்வரிசைத் தலைகள் பின்னாலுள்ள வெற்றிடத்தை மறைத்துவிடும். மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தாலும் அந்தக் குறை கொஞ்சம் இருக்கும். ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போனவர்களும் இதில் வரமாட்டார்கள். 1995இல் வாஷிங்டனில் கறுப்பின ஆண்கள் திரண்ட பேரணிக்கு அரசின் தேசியப் பூங்காத் துறை 4 லட்சம் என்றது; பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 8,37,000 என்று மதிப்பிட்டு, 20 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்றும் சொன்னது. நெருக்கத்தை எடைபோடுவதில் இவ்வளவு வேறுபாடு வரலாம். ஆகவே 27,000 என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், 22,000 முதல் 32,000 வரை என்பேன். ஆனால் மைதானத்தின் பரப்பு யாருக்காகவும் நீளாது.

அடுத்த முறை எண்ணிக்கையோடு பரப்பையும், சென்ட்டுக்கு எத்தனை பேர் என்பதையும், எத்தனை மணிக்கு எண்ணியது என்பதையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். ஏற்பாட்டாளர்கள் சொன்ன எண் என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். மைதானத்தின் புலப்பட நகலில் நான் எண்ணிய இடங்களைச் சிவப்பு மையால் குறித்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
திருவாரூர் மாவட்டம்.