அண்ணனின் காதுச் சோதனைத் தாள்: தள சூப்பர்வைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங், சுங்கை காடுட், கிராஞ்சி என்று பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் ஆள் வைத்து வேலை வாங்கும் தமிழ் சூப்பர்வைசர்களுக்கும், பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் இதை எழுதுகிறேன். நானும் கிரைண்டர் பிடிக்கத்தான் இந்த ஊருக்கு வந்தேன். பல வருஷம் பிடித்தேன், அப்புறம் படித்துத் தேறி இப்போது பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அதனால் முதலாளி பக்கத்து நெருக்கடியும் எனக்குத் தெரியும், மெஷின் பிடிக்கிறவன் கஷ்டமும் தெரியும்.

டார்மிட்டரியில் என்னோடு ஒன்பது வருஷம் ஒரே அறையில் இருந்த ஒரு அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புப் பட்டறையில் வேலை. தகட்டைத் தேய்ப்பது, வெல்டிங் மேட்டைச் சமன் செய்வது, வேண்டாத பகுதியை வெட்டி எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். பொண்ணு "எப்பப்பா வர்றீங்க?" என்று கேட்கும், இவர் "சாப்பிட்டேன்மா" என்பார். முதலில் நாங்கள் சிரித்தோம், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, சத்தம் கேக்குது, பேச்சுதான் விளங்கல."

அவர் சொன்னது அப்படியே சரி. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வரும், அவை அவர் காதுக்கு எட்டின. ச, த, ட, ப, ஸ் போன்றவை மெலிதாக, உயர்ந்த சுருதியில் வருகிறவை. இரைச்சல் முதலில் தின்பது அந்தப் பகுதியைத்தான். பட்டு, கட்டு, தட்டு மூன்றும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும், முகத்தைப் பார்த்துத்தான் எது என்று ஊகிப்பார். காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி இருக்கும் உறுப்பில் ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. அவை செத்தால் திரும்ப முளைக்காது. அதற்கு மருந்து கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. காதுக்கருவி சத்தத்தைப் பெரிதாக்கித் தரும், ஆனால் போன தெளிவை அதனால் முழுசாகத் திருப்பித் தர முடியாது.

என்னை உறுத்துவது இதுதான்: அவர் காது போய்க்கொண்டிருப்பது முதலில் அவருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, ஆனால் ஆபீஸ் அலமாரியில் இருந்த ஒரு தாளுக்குத் தெரியும். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்க இரைச்சலில் வேலை செய்கிறவருக்கு, வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஒரு காதுச் சோதனை, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று என்று இங்கே சட்டம் இருக்கிறது. செலவு முதலாளியுடையது. அண்ணனையும் வருஷா வருஷம் சோதனைக்கு அனுப்பினார்கள். காதில் ஹெட்போன், கையில் பட்டன், சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. முடிவை யாரும் சொல்லவில்லை. கடைசியில் நாங்கள் கேட்டு வாங்கிய நகல்களைக் கட்டிலில் வரிசையாக வைத்துப் பார்த்தோம்.

அந்தத் தாளில் இருப்பது, ஒவ்வொரு சுருதியிலும் ஒலி காதில் விழ எத்தனை டெசிபல் வேண்டியிருந்தது என்ற எண். அது கூடக்கூடக் காது மோசம் என்று அர்த்தம். 25 வரை நல்ல காது. முதல் வருஷம் எல்லா இடத்திலும் 15, 20 என்றுதான் இருந்தது. நான்காம் வருஷம் உயர்ந்த சுருதியான 4000 ஹெர்ட்ஸ் என்ற கட்டத்தில் மட்டும் 45. மற்றவை ஏறக்குறைய அப்படியே. வரைபடத்தில் கோடு நேராகப் போய் அந்த ஒரு இடத்தில் பள்ளம் மாதிரி இறங்கி, 8000-ல் திரும்ப மேலே ஏறுகிறது. இரைச்சலால் காது போகிறது என்பதன் கையெழுத்து அந்தப் பள்ளம். வயசானதால் வரும் குறைபாடு பெரும்பாலும் 8000 பக்கம் சரிந்துகொண்டே போகும், இப்படித் திரும்பி ஏறாது. அந்த நான்காம் வருஷத்தில் அவருக்கு யாரோடு பேசுவதிலும் சிரமம் இருந்ததில்லை. காரணம், பேச்சுக்கு அதிகம் வேண்டிய பகுதி 4000-க்குக் கீழே, அது இன்னும் நன்றாக இருந்தது. அன்றைக்கு யாராவது அவரைக் கூப்பிட்டு வைத்துப் பேசியிருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம். ஒன்பதாம் வருஷம் 4000-ல் 65, பள்ளம் இடப்பக்கமாக அகன்று 3000-ல் 50, 2000-ல் 35, 1000-ல் 20.

இங்கேதான் இழப்பீட்டுக் கணக்கு வருகிறது. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் ஒரு தொழில்நோய். யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வெளிநாட்டு ஊழியருக்கும் உண்டு. ஆனால் அவர்கள் எடுப்பது 1000, 2000, 3000 ஆகிய மூன்றின் சராசரியை. அது இரண்டு காதிலும் 50-ஐ எட்ட வேண்டும். அண்ணனுக்கு 20, 35, 50 கூட்டினால் 105, மூன்றால் வகுத்தால் 35. பொண்ணு கேட்பது விளங்காத நிலையிலும் அவர் இழப்பீட்டு எல்லைக்கு 15 டெசிபல் இந்தப் பக்கம்தான் நிற்கிறார். முதலில் அடிவாங்கிய 4000 அந்தக் கணக்கிலேயே இல்லை. அதனால் "காது போனா க்ளைம் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள். க்ளைம் கிடைக்கும் அளவுக்குப் போன காது ஏறக்குறைய முடிந்துபோன காது. அந்த அளவுக்குப் போனவருக்கும் ஓராண்டுக் கெடு இருக்கிறது. பெர்மிட் ரத்தாகி விமானம் ஏறிவிட்டால் ஊரில் இருந்துகொண்டு இதை நடத்துவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். ஆகவே ஒருவர் வேலையை விட்டுப் போகுமுன் கடைசியாக ஒரு சோதனை எடுத்து, நகலை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

சரி, இயர் பிளக் கொடுத்தோமே என்பீர்கள். கொடுத்தீர்கள், பெட்டி பெட்டியாக. எப்படிப் போடுகிறார்கள் என்று நின்று பார்த்தீர்களா? நான் என் தளத்தில் ஒரு காலையில் இருபது பேர் காதைப் பார்த்தேன். பாதிக்கு மேல் காதின் வாசலில் ஒட்டிக்கொண்டிருந்தது, பாட்டில் வாயில் சரியாக இறங்காத தக்கை மாதிரி. பெட்டியில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பது ஆய்வுக்கூடத்தில் சரியாகச் செருகி அளந்தது. வாசலில் ஒட்டிய பிளக் அதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலே அதிகம். அதனால் ஒருமுறை செய்து காட்டுங்கள். கையைத் துடைத்துவிட்டு, மடிப்பு விழாமல் பஞ்சை ஊசி மாதிரி மெல்லியதாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் உள்வழி நேராகும், அப்போது உள்ளே தள்ளி, பஞ்சு விரியும்வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக இறங்கியிருந்தால் நேர் எதிரே நிற்கிறவருக்கு பிளக் கண்ணில் படாது, தன் குரல் தனக்கே பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். மெஷின் ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக இல்லை என்று அர்த்தம்.

நன்றாகப் போட்டவரும் கழற்றும் நேரம் ஒன்று உண்டு. போன் வரும், நீங்கள் கூப்பிடுவீர்கள், வியர்வை அரிக்கும். கிரைண்டர் பக்கத்தில் 100 டெசிபல் இருக்கிறது என்று வையுங்கள். மூன்று டெசிபல் கூடினால் இருக்கலாகும் நேரம் பாதியாகும்: 85-க்கு எட்டு மணி நேரம், 88-க்கு நாலு, 91-க்கு இரண்டு, இப்படியே போனால் 100-க்கு வெறும் 15 நிமிஷம். ஏழரை மணி நேரம் ஒழுங்காகப் போட்டிருந்து, அங்கங்கே கழற்றியதெல்லாம் சேர்ந்து அரை மணி ஆனால், அந்த அரை மணியிலேயே ஒரு நாளுக்கு அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு வாங்கியாயிற்று. போட்டிருந்த ஏழரை மணி நேரம் அதை ஈடுகட்டாது. ஆகையால் அவரிடம் பேச வேண்டுமென்றால் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அல்லது தள்ளி அழைத்துப்போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று, பலரும் இதில் தவறுகிறார்கள். அதிகமாக அடைக்கும் பிளக்தான் நல்லது என்று 90 டெசிபல் இடத்துக்கும் அதையே கொடுப்பது. லாரி ரிவர்ஸ் வரும் சத்தமும், மேலே இருந்து கத்துவதும் கேட்காது என்ற பயத்தில் ஆட்கள் கழற்றிவிடுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. காதுக்குள் போகும் அளவு 75-இலிருந்து 80 வரை இருந்தால் போதும், அதற்கு ஏற்ற பிளக்கைத் தேர்ந்தெடுங்கள்.

பிளக் கடைசிக் கட்டம்தான். பெரிய தகட்டைத் தேய்க்கும்போது தகடே மணி மாதிரி அதிர்ந்து கத்துகிறது. அதன்மேல் காந்த ரப்பர் விரிப்பு இரண்டு மூன்றை ஒட்டினால் அந்த அலறல் அடங்கும், எங்கள் பட்டறையில் செய்து பார்த்தோம், பக்கத்து மேஜையில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். கட்டடம் இடிக்கும் இடத்தில், கான்கிரீட்டைக் கொத்தி உடைக்கும் ஹேக்கிங்குக்குப் பதில், முடிந்த இடங்களில், கான்கிரீட்டை நசுக்கி உடைக்கும் ஹைட்ராலிக் கருவியைக் கேளுங்கள். வாடகை கூடும், தெரியும். ஆனால் டெண்டர் போடும்போதே அதைச் சேர்க்கச் சொல்லும் குரல் உங்களுடையதாக இருந்தால்தான் மேலே காதில் விழும்.

அப்புறம் அந்தச் சோதனை. காலையிலிருந்து கிரைண்டர் பிடித்தவரை மத்தியானம் அழைத்துப்போய் உட்கார வைக்காதீர்கள். இரைச்சலில் இருந்து வந்த காது சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும், எண்கள் குழம்பும். பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் இரைச்சல் படாமல் இருந்தபின், வேலை தொடங்குமுன் காலையில் எடுக்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த சோதனை முடிவு வந்ததும் அதை ஃபைலில் போடுமுன், ஒவ்வொருவருடைய தாளையும் அவருடைய முதல் வருஷத் தாளோடு பக்கத்தில் வைத்து 4000 கட்டத்தைப் பாருங்கள். எண் கூடியிருந்தால் அன்றைக்கே அவரை அழைத்துத் தமிழில் சொல்லுங்கள், பிளக் எப்படிப் போடுகிறார் என்று பாருங்கள், டாக்டரிடம் திரும்ப அனுப்புங்கள், இரைச்சல் குறைந்த வேலைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். நகலைக் கையில் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை.

அண்ணன் இப்போது வேறு தளத்தில் ஸ்டோரில் இருக்கிறார். பொண்ணு இப்போதெல்லாம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதை எழுத்தில் அனுப்புகிறது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, பதிலுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்.

இப்படிக்கு,
துவாஸிலிருந்து ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்